1-ஆம் தேதி கட்டும் வாடகைக்கு இன்றைய மதிப்பு போடுவது எப்படி

ஒருமுறை என் வீட்டுக்காரர், ஒரு வருட வாடகையையும் இன்றைக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டால் 1,13,000 போதும் என்றார். மாத வாடகை 10,000. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு 1,20,000 ஆகிறது, அதில் 7,000 குறைத்துக்கொள்கிறேன் என்பதுதான் பேச்சு. எனக்கு அப்போது மாதம் 1 சதவீத வட்டியில் ஒரு கடன் ஓடிக்கொண்டிருந்தது, கையில் மிச்சப்படும் பணமெல்லாம் அந்தக் கடனை அடைக்கத்தான் போகும். அதனால் அந்த 1 சதவீதத்தையே வைத்து, 12 வாடகையின் இன்றைய மதிப்பை, அதாவது பின்னால் கட்டப் போகும் பணம் வட்டியைக் கழித்தால் இன்றைக்கு எவ்வளவுக்குச் சமம் என்பதை, கணினியில் போட்டுப் பார்த்தேன். 1,12,551 என்று வந்தது. அவர் கேட்பது அதைவிட 449 அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு தப்பு. சரியான இன்றைய மதிப்பு 1,13,676. அதாவது அவர் சொன்ன விலையில் எனக்கு 676 லாபம் இருந்தது, நான் அதை 449 நஷ்டம் என்று படித்திருக்கிறேன். வட்டி விகிதம் சரி, மாத எண்ணிக்கை சரி, வாடகைத் தொகையும் சரி. பிசகியது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு வாடகையையும் மாதக் கடைசியில் கட்டுவதாகக் கணினி எடுத்துக்கொண்டது, நான் மாதத்தின் முதல் நாளில் கட்டுகிறேன்.

இந்த இரண்டுக்கும் பெயர் உண்டு. சமமான தொகை சமமான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் அதை ஆனுவிட்டி என்பார்கள். ஒவ்வொரு காலத்தின் கடைசியில் கட்டினால் ஆர்டினரி ஆனுவிட்டி, ஆரம்பத்தில் கட்டினால் ஆனுவிட்டி டியூ. கடன் தவணை பெரும்பாலும் முதல் வகை, ஏனென்றால் கடன் வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் முதல் தவணை வரும். வாடகை பெரும்பாலும் இரண்டாம் வகை. கணக்குப் புத்தகங்களில் முதல் வகைதான் முதலில் வரும், கணினியும் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் வகையைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் வாடகைக் கணக்கில் இந்தத் தப்பு இவ்வளவு சுலபமாக நுழைகிறது.

இனி அதே 10,000, 12 மாதம், மாதம் 1 சதவீதத்தை வைத்து ஒவ்வொரு படியாகப் போகலாம்.

முதல் படி: கோடு போட்டுத் தேதிகளைக் குறியுங்கள்

சூத்திரத்தைத் தொடும் முன் ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். இடது ஓரத்தில் 0 என்று எழுதுங்கள், அது இன்று, அதாவது எந்த நாளுக்கு மதிப்பு வேண்டுமோ அந்த நாள். அப்புறம் ஒரு மாதத்துக்கு ஒரு புள்ளியாக 1, 2, 3 என்று 12 வரை குறியுங்கள். இப்போது ஒவ்வொரு வாடகையும் எந்தப் புள்ளியில் விழுகிறது என்று பாருங்கள்.

மாதக் கடைசியில் கட்டுவதாக இருந்தால் வாடகைகள் 1 முதல் 12 வரையுள்ள புள்ளிகளில் விழும், 0 காலியாக இருக்கும். முதல் நாளில் கட்டுவதாக இருந்தால் 0 முதல் 11 வரை விழும், 12 காலியாக இருக்கும். இரண்டிலும் 12 வாடகைதான். 12 மாதத்துக்கு 0-இல் ஒன்று, 12-இலும் ஒன்று என்று எண்ணி 13 வாடகை போட்டவர்களும் உண்டு, அதனால் புள்ளிகளை விரல்விட்டு ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

இந்தக் கோட்டில் பார்த்தாலே விஷயம் பாதி முடிந்துவிடும். இரண்டாவது வரிசை என்பது முதல் வரிசையையே அப்படியே ஒரு மாதம் இடப்பக்கம் நகர்த்தியதுதான், வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

இரண்டாம் படி: மாத வட்டியை எடுங்கள்

வாடகை மாதாமாதம் என்றால் வட்டியும் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். வருடத்துக்கு 12 சதவீதம், மாதாமாதம் வட்டி சேரும் என்று சொல்லப்பட்டிருந்தால் 12-ஆல் வகுத்து 1 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம். கடன் தவணைகளில் பொதுவாக இப்படித்தான். ஆனால் வருட முடிவில் 100 என்பது 112 ஆகிறது, வட்டிக்கு வட்டியும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது என்ற பொருளில் 12 சதவீதம் என்றால், மாத வட்டி 1.12-இன் 12-ஆம் மூலத்திலிருந்து வரும்:

```
1.12^(1/12) - 1 = 0.009489
```

0.9489 சதவீதம். இதை வைத்துப் போட்டால் நம் வாடகையின் மதிப்பு சுமார் 1,13,987 ஆகிறது, 1 சதவீதத்தில் வருவதைவிட 310 அதிகம். தேதியைத் தப்பாக எடுப்பதால் வரும் பிழை 1,126 என்பதோடு ஒப்பிட்டால் இது சின்னதுதான், ஆனாலும் தப்பு தப்புதான். இந்தக் கட்டுரை முழுக்க 1 சதவீதத்தையே வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: மாதக் கடைசிக் கணக்கைப் போட்டு, ஒரு மாத வட்டியால் பெருக்குங்கள்

ஒரு மாதம் கழித்துக் கட்ட வேண்டிய 10,000-க்கு இன்றைய மதிப்பு 10,000 / 1.01 = 9,900.99. ஏனென்றால் இன்று 9,900.99-ஐ 1 சதவீதத்தில் வைத்தால் அடுத்த மாதம் 10,000 ஆகும். இரண்டு மாதம் கழித்து என்றால் 1.01-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும், இப்படியே 12 வரை. இந்தப் பன்னிரண்டையும் கூட்டினால் வருவதுதான் ஆர்டினரி ஆனுவிட்டியின் இன்றைய மதிப்பு. தனித்தனியாக வகுத்துக் கூட்டாமல் ஒரே அடியாகப் போட இந்தச் சூத்திரம்:

```
PV = R × (1 − (1+i)^(−n)) / i
   = 10000 × (1 − 1.01^(−12)) / 0.01
   = 10000 × 11.255077
   = 112550.77
```

இங்கே PV இன்றைய மதிப்பு, R வாடகை, i மாத வட்டி, n மாத எண்ணிக்கை. எனக்கு அன்று வந்த எண் இதுதான்.

இப்போது கோட்டைத் திரும்பப் பாருங்கள். முதல் நாளில் கட்டும்போது ஒவ்வொரு வாடகையும் ஒரு மாதம் முன்னாலேயே விழுகிறது, அதனால் ஒவ்வொன்றையும் 1.01-ஆல் ஒருமுறை குறைவாக வகுத்தால் போதும். ஒவ்வொரு உறுப்பையும் ஒருமுறை குறைவாக வகுப்பதும், மொத்தக் கூட்டுத்தொகையை ஒருமுறை பெருக்குவதும் ஒன்றுதானே:

```
112550.77 × 1.01 = 113676.28
```

அவ்வளவுதான், ஆனுவிட்டி டியூவுக்கென்று தனியாக ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சரி, பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்று குழம்பினால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: சீக்கிரம் கொடுக்கும் பணம் கொடுப்பவருக்குக் கனமானது. முதல் நாளில் கட்டுவதன் இன்றைய மதிப்பு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும் (வட்டி பூஜ்யமாகவோ அதற்குக் கீழோ இல்லாதவரை). சின்னதாக வந்தால் எங்கோ தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

இதையே இன்னொரு வழியாகவும் போடலாம், எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும். 0-இல் விழும் வாடகை இன்றே கையைவிட்டுப் போகிறது, அதை எதனாலும் வகுக்க வேண்டாம், அது முழுசாக 10,000. மிச்சம் 11 வாடகை 1 முதல் 11 வரையுள்ள புள்ளிகளில் இருக்கிறது, அது சாதாரண மாதக் கடைசிக் கணக்கு, n மட்டும் 11:

```
10000 + 10000 × (1 − 1.01^(−11)) / 0.01
= 10000 + 103676.28
= 113676.28
```

இரண்டு வழியிலும் ஒரே எண் வந்துவிட்டால் நிம்மதி. இரண்டாவது வழியில் ஆள்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: முதல் வாடகையைத் தனியாக எடுத்த பிறகும் n-ஐ 12 என்றே விட்டுவிடுவது. அப்போது 1,22,551 வரும். வாடகை மொத்தமே 1,20,000 என்னும்போது இன்றைய மதிப்பு அதைத் தாண்ட முடியாது என்பதை வைத்தே இதைப் பிடித்துவிடலாம்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது, எங்கே நிற்கும்

இரண்டு மதிப்புக்கும் நடுவில் 1,125.51. இதைச் சதவீதமாகப் பார்த்தால் சரியாக 1, அதாவது ஒரு மாத வட்டி, மாத எண்ணிக்கை எதுவானாலும் இது மாறாது. தொகையாகப் பார்த்தால் வேறு ஒரு சேதி தெரிகிறது.

கோட்டில் இரண்டு வரிசையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். 1 முதல் 11 வரை இரண்டிலும் வாடகை இருக்கிறது, அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது 0-இல் ஒரு வாடகை, 12-இல் ஒரு வாடகை. ஆக வித்தியாசம் என்பது இன்று கட்டும் 10,000-க்கும், 12 மாதம் கழித்துக் கட்டும் 10,000-இன் இன்றைய மதிப்பான 8,874.49-க்கும் உள்ள இடைவெளி மட்டுமே. கழித்துப் பாருங்கள், 1,125.51 வரும்.

இதனால்தான் மாதங்கள் கூடக்கூட வித்தியாசம் கூடினாலும் ஒரு வரம்போடு நின்றுவிடுகிறது. 36 மாத ஒப்பந்தம் என்றால் மாதக் கடைசிக் கணக்கில் 3,01,075.05, முதல் நாள் கணக்கில் 3,04,085.80, வித்தியாசம் 3,010.75. ஒப்பந்தம் எத்தனை வருடம் ஓடினாலும் இந்த வித்தியாசம் ஒரு மாத வாடகையான 10,000-ஐத் தாண்டவே தாண்டாது, ஏனென்றால் கடைசி வாடகையின் இன்றைய மதிப்பு தேய்ந்து பூஜ்யத்தை நெருங்கும், முதல் வாடகை மட்டும் முழுசாக நிற்கும். யாராவது தேதியைத் திருத்தியதில் ஒரு மாத வாடகைக்கு மேல் மதிப்பு மாறிவிட்டது என்றால், அங்கே தேதியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து மாறியிருக்கிறது.

நான்காம் படி: பணத்தை ஓட விட்டுப் பாருங்கள்

சூத்திரம் சொன்னதை நம்பாதவர்களுக்கு (நானும் அந்த ரகம்தான்) இதைவிட நல்ல சோதனை கிடையாது. 1,13,676.28-ஐ மாதம் 1 சதவீதம் தரும் ஒரு கணக்கில் போட்டதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே வாடகை கட்டிக்கொண்டு வாருங்கள். முதல் நாளே 10,000 எடுக்கிறோம், மீதி 1,03,676.28. ஒரு மாதத்தில் அதற்கு 1,036.76 வட்டி சேர்ந்து 1,04,713.04 (பைசா ஒன்று முன்னே பின்னே வரும், அதை விடுங்கள்). இரண்டாவது வாடகை போக 94,713.04, அது மாதக் கடைசியில் 95,660.18 ஆகிறது, மூன்றாவது வாடகை போக 85,660.18. இப்படியே போய் 11-ஆவது வாடகையைக் கட்டிய பிறகு கணக்கில் 9,900.99 இருக்கும். அதற்கு ஒரு மாத வட்டி 99.01 சேர்ந்தால் சரியாக 10,000. பன்னிரண்டாவது வாடகையையும் கட்டினால் பூஜ்யம்.

கவனித்துப் பாருங்கள், வட்டி 11 முறைதான் சேர்ந்தது. முதல் வாடகைக்குப் போன 10,000 ஒரு நாள்கூட வட்டி சம்பாதிக்கவில்லை.

இதே சோதனையை நான் அன்று நம்பிய 1,12,550.77-ஐ வைத்துச் செய்தால், 11 வாடகை வரை ஒரு சிக்கலும் தெரியாது. பன்னிரண்டாவது வாடகை கட்டப் போகும் நாளில் கணக்கில் சுமார் 8,744 மட்டுமே இருக்கும், 1,256 குறையும். ஆரம்பத்தில் விட்டுப்போன 1,125.51-தான் 11 மாத வட்டியோடு வளர்ந்து அங்கே பள்ளமாக வந்து நிற்கிறது. கணக்கு ஓட்டும் அட்டவணையில் கடைசி வரி பூஜ்யத்தில் முடியாமல், குறையும் தொகை ஒரு வாடகைக்குள்ளேயே இருந்தால், முதல் சந்தேகத்தைத் தேதிமேல் வையுங்கள்.

ஐந்தாம் படி: கணினியிடம் சரியாகச் சொல்லுங்கள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபீஸ் மூன்றிலும் PV என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதன் கடைசி இடம்தான் நமக்கு முக்கியம்:

```
=PV(0.01, 12, -10000, 0, 1)     → 113676.28
=PV(0.01, 12, -10000)           → 112550.77
```

வரிசை இப்படி: மாத வட்டி, மாத எண்ணிக்கை, தவணை, கடைசியில் மிச்சம் வரும் தொகை, தேதி வகை. தேதி வகையில் 1 என்றால் காலத்தின் தொடக்கத்தில் கட்டுவது. 0 என்றாலோ ஒன்றும் எழுதாமல் விட்டாலோ கடைசியில் கட்டுவது. வாடகைக்குக் கழித்தல் குறி போடுவது, கையைவிட்டுப் போகும் பணம் என்று சொல்வதற்காக. அது இல்லாவிட்டால் விடை கழித்தல் குறியோடு வரும், எண் அதேதான்.

இங்கே ஒரு நயவஞ்சகமான தப்பு இருக்கிறது. நான்காவது இடத்தில் 0 போட மறந்து, 1-ஐ அங்கேயே எழுதிவிடுவது:

```
=PV(0.01, 12, -10000, 1)        → 112549.89
```

பிழைச் செய்தி எதுவும் வராது. கணினி அந்த 1-ஐ, 12 மாதம் கழித்து உங்களுக்கு வரப்போகும் ஒற்றை ரூபாயாக எடுத்துக்கொண்டு, அதன் இன்றைய மதிப்பான 0.89-ஐக் கழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். தேதி வகையைக் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், ஆனால் நடந்தது மாதக் கடைசிக் கணக்கு. இதைப் பிடிக்கும் வழி, கடைசி இடத்தை 0 ஆக்கியும் 1 ஆக்கியும் இரண்டு முறை போட்டு, பெரியதைச் சின்னதால் வகுப்பது. சரியாக 1.01 வந்தால் அந்த இடம் வேலை செய்கிறது. நான் இப்போதெல்லாம் எந்த ஷீட்டிலும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

வாடகை மாதத்துக்கு மாதம் மாறினால் PV உதவாது, NPV வேண்டும். அதுவும் முதல் தொகை ஒரு காலம் கழித்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதில் தேதி வகை என்ற இடமே கிடையாது. அதனால் முதல் வாடகையை வெளியே எடுத்துவிட வேண்டும்:

```
=B2 + NPV(0.01, B3:B13)
```

B2 முதல் B13 வரை 12 வாடகை இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். நாம் மேலே பார்த்த இரண்டாவது வழியேதான் இது.

நிதிக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து. அதில் `BGN` அல்லது `BEGIN` என்று ஒரு நிலை உண்டு, அதைப் போட்டால் திரையில் சின்னதாக அந்த எழுத்து தெரியும். வாடகைக்குப் போட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவோம், மறுநாள் கடன் தவணைக் கணக்கு போடும்போது அதே நிலையில் கால்குலேட்டர் நிற்கும், அந்தக் கணக்கு கெட்டுப்போகும். வேலை முடிந்ததும் `END` நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: விலையோடு ஒப்பிடுங்கள்

இப்போது வீட்டுக்காரர் சொன்ன 1,13,000-க்கு வருவோம். 1,13,676.28 மதிப்புள்ளதை 1,13,000-க்குத் தருகிறார், 676 மிச்சம். இதையே வட்டியாகப் பார்க்க வேண்டுமென்றால் RATE இருக்கிறது:

```
=RATE(12, -10000, 113000, 0, 1)   → 0.01112
=RATE(12, -10000, 113000)         → 0.00937
```

முன்கூட்டியே கொடுப்பதால் அந்தப் பணம் எனக்கு மாதம் 1.112 சதவீதம் சம்பாதித்துக் கொடுத்திருக்கும். என் கடன் வட்டி 1 சதவீதம், ஆக முன்பணம் கொடுப்பதே மேல். கடைசி இடத்தில் 1 போடாவிட்டால் 0.937 என்று வந்து, கடனை அடைப்பதே மேல் என்று சொல்லிவிடும். ஒரே ஒரு எண், முடிவையே திருப்பிப் போடுகிறது. மாத வட்டி 0.937-க்கும் 1.112-க்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி ஆகும், அதற்கு வெளியே இருந்தால் தப்பாகப் போட்டாலும் முடிவு மாறாது. நான் சரியாக அந்த இடுக்கில் மாட்டியிருந்தேன்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது மாதம் வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தால் மீதிப் பணம் திரும்பி வருமா என்பது இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. 676-க்காக நான் அந்தச் சிக்கலை ஏற்றிருப்பேனா என்றால், ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தால் மட்டும்தான்.

1-ஆம் தேதி கட்டினாலும் ஆனுவிட்டி டியூ ஆகாத நேரங்கள்

மாதத் தொடக்கத்தில் வாடகை, அதனால் எப்போதும் 1 போடு என்று பழகிவிட்டால் அடுத்த தப்பு ஆரம்பிக்கும். எந்த வகை என்பதை ஒப்பந்தத்தில் இருக்கும் வார்த்தை தீர்மானிப்பதில்லை. நீங்கள் மதிப்பு போடும் நாளுக்கும், இன்னும் கட்டாத முதல் வாடகைக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான் தீர்மானிக்கிறது. பூஜ்யம் நாள் என்றால் டியூ, ஒரு முழு மாதம் என்றால் ஆர்டினரி.

உதாரணமாக இன்று 1-ஆம் தேதி, காலையிலேயே வாடகை கட்டியாகிவிட்டது, மாலையில் உட்கார்ந்து மீதி எவ்வளவு என்று பார்க்கிறீர்கள். அடுத்த வாடகைக்கு ஒரு மாதம் இருக்கிறது. மிச்சம் 11 வாடகை, அது ஆர்டினரி, மதிப்பு 1,03,676.28. இங்கே கடைசி இடத்தில் 1 போட்டால்தான் தப்பு.

நிறுவனங்களின் கணக்கில் இது பெரிய விஷயம். 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரத்தில், குத்தகை தொடங்கும் நாளில் இன்னும் கட்டாமல் இருக்கும் தொகைகளின் இன்றைய மதிப்பைத்தான் கடன் பொறுப்பாகக் காட்ட வேண்டும். முதல் நாளிலேயே கட்டிய வாடகை அந்தப் பொறுப்பில் சேராது, அது பயன்பாட்டு உரிமைச் சொத்தின், அதாவது குத்தகைப் பொருளைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகக் காட்டுவதன், மதிப்பில்தான் சேரும். மேலே பார்த்த 36 மாதக் குத்தகையில், முதல் வாடகையைத் தொடக்க நாளில் கட்டிவிட்டால் பொறுப்பு 2,94,085.80, சொத்து (வேறு செலவு, சலுகை எதுவும் இல்லையென்றால்) 3,04,085.80. ஆனுவிட்டி டியூ மதிப்பு முழுவதையும் பொறுப்பாக எழுதிவிட்டு, கட்டிய 10,000-ஐத் தனியாகச் செலவில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முதல் வாடகை இரண்டு இடத்தில் வந்துவிடும், குத்தகை முடியும்போது பொறுப்பு பூஜ்யத்துக்கு வராமல் தொங்கும்.

இரண்டுக்கும் நடுவில் விழும் நாள்களும் உண்டு. முதல் வாடகைக்கு இன்னும் 15 நாள் இருக்கும்போது இன்றைக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், முதலில் வாடகை நாளுக்கு ஆனுவிட்டி டியூவாக 1,13,676.28 போட்டுவிட்டு, அதை அரை மாதம் பின்னால் இழுக்க வேண்டும்:

```
113676.28 / 1.01^(15/30) ≈ 113112
```

இதே நாளில் 1,13,000-ஐக் கையில் கொடுக்கச் சொன்னால் மிச்சம் 676 இல்லை, வெறும் 112. அதனால் பேரம் பேசும்போது தொகையோடு எந்த நாளில் கொடுப்பது என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

கோடு போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் எல்லாமே ஒன்றுதான். ஒரு மாத வாடகை இலவசம் என்று சொல்வார்கள், எந்த மாதம் என்று சொல்ல மாட்டார்கள். முதல் மாதம் இலவசம் என்றால் 0-இல் உள்ள புள்ளி அழிகிறது, மிச்சம் 11 வாடகையும் ஒரு மாதம் கழித்துத் தொடங்குகின்றன, மதிப்பு 1,03,676.28. கடைசி மாதம் இலவசம் என்றால் 11-இல் உள்ள புள்ளி அழிகிறது, 0 அப்படியே நிற்கிறது, அதனால் 11 மாத ஆனுவிட்டி டியூ, மதிப்பு 1,04,713.05. முதல் மாதத்தைக் கேட்டு வாங்கினால் இன்றைய மதிப்பில் 1,037 குறைவு, அதுவும் இடையில் காலிசெய்தாலும் கையைவிட்டுப் போகாத சலுகை.